ஆள் பற்றாக்குறை என்கிறார்கள், சம்பளம் ஏன் ஏறவில்லை? வயலிலிருந்து தொழிற்சாலைக்குப் போன கணக்கு

‘வேலைக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது.’ பினாங்கில் தொழிற்சாலை நடத்துபவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. ஒரு பொருள் கிடைக்காவிட்டால் அதன் விலை ஏற வேண்டும். அப்படியானால் உற்பத்திப் பிரிவில் நிற்பவரின் அடிப்படைச் சம்பளம் ஏன் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே இருக்கிறது?

இதற்குப் பதில் தேட ஒரு பழைய பொருளாதாரக் கோட்பாடு உதவும். தாசேக் கெலுகோர் மாதிரி ஓர் ஊரை வைத்துப் பார்த்தால் அது எளிதாகப் புரியும். ஒரு பக்கம் நெல் வயலும் தோட்டமும்; இன்னொரு பக்கம், ரயிலிலோ கம்பெனி பஸ்ஸிலோ போய்விடக்கூடிய தூரத்தில் பிறை, புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பட்டாணி தொழிற்பேட்டைகள்.

முதலில், கணக்கு

செயிண்ட் லூசியா தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் 1954-இல் எழுதிய ஒரு கட்டுரைதான் ‘இரட்டைப் பொருளாதாரம்’ என்ற கோட்பாட்டின் தொடக்கம். 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே நாட்டுக்குள் பழைய விவசாயத் துறையும் புதிய தொழில்துறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வயலில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் அவர்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு ரெலோங் நிலம், வேலை செய்வது ஐந்து பேர், விளைச்சல் 50 மூட்டை. பகிர்ந்தால் ஆளுக்கு 10. ஒருவர் தொழிற்சாலைக்குப் போகிறார். மற்ற நால்வரும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய, விளைச்சல் அதே 50. அவர்தான் ‘உபரி’ உழைப்பாளி. வீட்டில் அவருக்குக் கிடைத்தது 10 மூட்டை மதிப்பு என்பதால், அதைவிடச் சற்று கூடுதலாகக் கொடுத்தாலே அவர் கம்பெனிக்கு வந்துவிடுவார். இரண்டாமவரும் போகிறார். விளைச்சல் 48. இழப்பு இரண்டே மூட்டை.

மூன்றாமவர் போகும்போதுதான் கதை மாறுகிறது. இரண்டு பேரால் நாற்று நடவும் அறுவடையும் சமாளிக்க முடியாது. விளைச்சல் 36-க்கு இறங்குகிறது. இழப்பு 12 மூட்டை. இனி 10 மூட்டை மதிப்புக்கு ஆள் வரமாட்டார். ஊரில் அரிசியும் குறைகிறது, விலை ஏறுகிறது. கம்பெனி சம்பளத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். இந்த இடத்தைத்தான் பொருளாதார அறிஞர்கள் ‘லூயிஸ் திருப்புமுனை’ என்கிறார்கள். அதுவரை லாபம் முதலாளிக்குப் போகும்; அவர் அதை மறுபடி முதலீடு செய்து இன்னும் ஆள் எடுப்பார். திருப்புமுனைக்குப் பிறகுதான் வளர்ச்சியின் பங்கு தொழிலாளிக்கு முறையாக வரத் தொடங்கும்.

பினாங்கில் என்ன நடந்தது?

1969-இல் பினாங்கு தீவு வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை கடுமையாக இருந்தது. அதே ஆண்டு பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவானது. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது, இன்டெல் வந்தது, பின்னால் பல மின்னணு நிறுவனங்கள் வந்தன. கணக்குப்படி, கிராமத்து உபரி ஆட்கள் எல்லாரும் அங்கே போயிருக்க வேண்டும்.

ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் தேடியது பெரும்பாலும் இளம் பெண்களை. கண் பார்வை கூர்மையாக, கை வேகமாக, ஷிஃப்டுக்கு ஒத்துவரும் வயதில் இருக்க வேண்டும். நாற்பது வயது நெல் அறுப்பவருக்கோ, ஐம்பது வயது பால்மரத் தொழிலாளிக்கோ அங்கே இடமில்லை.

பக்கத்து கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தைப் பாருங்கள். 1970-களில் அங்கே ஆண்டுக்கு இருபோகம் வந்தது. நடவுக்கும் அறுவடைக்கும் கூலி வேலை பெருகியது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டன. நிலமில்லாத ஏழைகள்தான் முதலில் அடிபட்டார்கள். உபரியானவர் ஒருவர், கம்பெனி கூப்பிட்டவர் வேறொருவர். சில வீடுகளில் மகள் மாதச் சம்பளம் கொண்டுவந்தாள், அப்பாவுக்கு வயலில் வேலை போனது. இது முதல் தடை: உபரி ஆட்களை மொத்தமாக எண்ணினால் போதாது, வயதும் படிப்பும் பொருந்த வேண்டும்.

தோட்டத்துத் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால் வீடு போகும். அதனால் வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் நின்றாக வேண்டும். பிள்ளைக்குக் கம்பெனி வேலை கிடைத்தாலும் குடும்பமாக இடம்பெயர்வது எளிதல்ல. தோட்டமே விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. இன்று தொழிற்பேட்டையாக இருக்கும் பத்து காவானும் ஒரு காலத்தில் தோட்டம்தான்.

திருப்புமுனை வந்தது, பிறகு?

1990-களின் நடுவில் மலேசியாவின் வேலையின்மை 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. உள்ளூர் உபரி கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. சம்பளமும் ஏறியது, சில தொழிற்சாலைகள் இயந்திரமயத்துக்கு மாறின. ஆனால் இன்னொரு வழியும் திறந்தே இருந்தது. தோட்டத்துக்கு இந்தோனேசியர்கள், தொழிற்சாலைக்கு வங்காளதேசிகள், நேப்பாளிகள் என வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தது.

லூயிஸ் இதை 1954-லேயே சொல்லிவிட்டார். உள்ளூரில் ஆள் தீர்ந்தால் முதலாளிக்கு இரண்டு வழி: வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவரலாம், அல்லது மூலதனத்தை ஆள் மலிவான நாட்டுக்குக் கொண்டுபோகலாம். இரண்டுமே சம்பள உயர்வைத் தள்ளிப்போடும்.

நம் தாத்தா பாட்டி காலத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். மலாயா ரப்பர் தோட்டங்கள் உள்ளூர் சம்பளத்தில் ஆள் தேடாமல், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூலியாள் எவ்வளவு சம்பாதித்தாரோ, அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதும். ரப்பர் எவ்வளவு லாபம் தந்தாலும், தோட்டக் கூலியை முடிவு செய்தது கடலுக்கு அந்தப் பக்கத்து வறுமை. இன்று வங்காளதேசத்திலிருந்து வருபவர் நிற்பது அன்று நம்மவர் நின்ற அதே இடத்தில். சம்பளத்தைக் கீழே பிடித்து வைப்பது அவர் இல்லை. அவரை எவ்வளவு எண்ணிக்கையில், எந்த நிபந்தனையோடு கொண்டுவரலாம் என்று முடிவு செய்யும் விதிகள்.

நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த முறை ‘ஆள் இல்லை’ என்ற செய்தியைப் படிக்கும்போது, வேலை விளம்பரத்தில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பாருங்கள். ஓவர்டைமும் அலவன்ஸும் சேர்த்துச் சொல்லும் தொகையை விட்டுவிடுங்கள். அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு தானாக ஏறினால், ஆள் உண்மையிலேயே தீர்ந்துவிட்டது. அரசாங்கம் அறிவிக்கும்போது மட்டும் ஏறினால், இன்னும் எங்கிருந்தோ ஆள் வருகிறது என்று அர்த்தம்.

மலேசியத் தீபகற்பத்தில் 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட்டில் தொடங்கியது. 2022-இல் 1,500 ஆனது, 2025-இல் 1,700 ஆனது. லூயிஸின் கணக்கில் சந்தை தானாகச் செய்ய வேண்டிய வேலையை இங்கே சட்டம் செய்கிறது. அடுத்த உயர்வு எவ்வளவு என்ற பேச்சு வரும்போது, வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீடு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் சம்பளத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான்.