மூன்று கொட்டேஷனிலும் 388 ரூபாய்

போட்டிச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்குத்தான், சிறிய உற்பத்தியாளர்கள் கூடி ரேட் பேசிக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற பேச்சு தொழில் வட்டாரத்தில் சகஜம். அதை நம்பி டெண்டர் போடுபவர்கள் ஒரு வழக்கைக் கட்டாயம் அறிய வேண்டும்.

தானியக் கிடங்குகளில் பூச்சியைக் கொல்ல அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பயன்படுகிறது. 2009இல் இந்திய உணவுக் கழகம் அதற்கு டெண்டர் விட்டது. எக்செல் கிராப் கேர், யுனைடெட் பாஸ்பரஸ், சந்தியா ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆகிய மூன்றும் கிலோ 388 ரூபாய் என்றே எழுதின. ஆலைகள் வேறு, உற்பத்திச் செலவு வேறு, விலை மட்டும் ஒன்று! இந்தியப் போட்டி ஆணையம் 2012இல் சராசரி விற்றுமுதலில் 9 சதவீதம் அபராதம் விதித்தது. யுனைடெட் பாஸ்பரஸுக்கு சுமார் 252 கோடி ரூபாய், சிறிய நிறுவனமான சந்தியாவுக்கு 1.57 கோடி.

மேல்முறையீட்டில் சம்பந்தப்பட்ட பொருளின் விற்பனையை மட்டும் கணக்கிட்டதால், பல சரக்கு விற்கும் யுனைடெட் பாஸ்பரஸின் அபராதம் 7 கோடிக்கும் கீழே வந்தது. சந்தியாவின் அபராதமும் குறைக்கப்பட்டது, ஆனால் குற்றப் பொறுப்பிலிருந்து அது தப்பவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சிறியவர் தப்பிவிடுவார் என்ற நம்பிக்கை இங்கேயே உடைகிறது. 2023 திருத்தத்துக்குப் பின் மொத்த விற்றுமுதலையே கணக்கில் எடுக்கலாம்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதும் கவசமாகாது. வாய்மொழிப் புரிதலும், சேர்ந்து நடந்துகொள்வதும்கூட சட்டத்தின் பார்வையில் ஒப்பந்தமே. சங்கக் கூட்டத்தில் தரம், வரி, மின்கட்டணம் பேசலாம். அடுத்த டெண்டருக்கு என்ன ரேட், யாருக்கு எந்த ஊர் என்று பேச்சு திரும்பினால் எழுந்து வெளியேறுவதும், அதைக் குறிப்பேட்டில் பதியச் செய்வதும்தான் பாதுகாப்பு.

ஆனால், விலை ஒன்றாக இருந்தாலே குற்றம் என்று சொல்வதும் தவறு. 2010இல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் இந்தியன் ஆயிலுக்கு ஒரே மாதிரி விலை கொடுத்தார்கள், ஆணையம் அபராதம் போட்டது. சிலிண்டரை வாங்குவதே மூன்று எண்ணெய் நிறுவனங்கள்தான், விலையை நடைமுறையில் தீர்மானிப்பவரும் வாங்குபவரே என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2018இல் அவர்களை விடுவித்தது. அதற்குள் எட்டு ஆண்டுகள் போய்விட்டன. கேட்ட விலை எப்படி வந்தது என்று காட்டும் சொந்த அடக்கவிலைக் கணக்கு கையில் இருப்பது அவசியம்.

பெரியவர் நசுக்குகிறார், அதனால் சேர்கிறோம் என்ற வாதத்தில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு வழி உண்டு. சந்தையில் ஆதிக்கம் செலுத்துவது குற்றமல்ல, அந்த ஆதிக்கத்தால் நியாயமற்ற நிபந்தனையைத் திணிப்பதே குற்றம். ஒருதலைப்பட்சமான நிலக்கரி விநியோக நிபந்தனைகளுக்காக அரசு நிறுவனமான கோல் இந்தியா மீதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது. எந்த நிறுவனமும் ஆணையத்திடம் புகார் தரலாம். ஆனால் எல்லாப் பெரிய வாடிக்கையாளரும் ஆதிக்கத்தில் இருப்பவர் அல்லர், மாற்று வழியில்லாத சந்தை எது என்று முதலில் காட்ட வேண்டும். 45 நாளைத் தாண்டிய பில் பாக்கிக்கு ஆணையத்துக்குப் போகத் தேவையில்லை, மாநிலத்திலுள்ள குறு, சிறு தொழில் வசதியாக்கக் குழுவே அதை விசாரிக்கும்.