நிழலுக்கு மாத்திரை கொடுக்காதீங்க

1/ நெய்வேலி பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில டாக்டரா இருக்கேன். வாரத்துல நாலு பேராவது போன்ல ஒரு எக்ஸ்ரே ரிப்போர்ட்டைக் காட்டி "சார், அப்பாவுக்கு ஒபாசிட்டியாம். பயப்படணுமா?"ன்னு கேக்குறாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அந்த ரிப்போர்ட்டை ஒரு வார்த்தை விளக்காம கையில திணிச்சு அனுப்புற எங்க ஆளுங்க மேலதான் கோவம். இந்த இழை அதுக்காக.

2/ போன வருஷம் நடந்த ஒன்னைச் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். ஐம்பதைத் தாண்டினவர், சுரங்கத்துல ஒப்பந்தத் தொழிலாளி. மூணு வாரமா இருமல், சாயங்காலமானா காய்ச்சல், வலது பக்கம் நெஞ்சு குத்தல், நாலு கிலோ எடை குறைஞ்சிருக்கு. ஏற்கெனவே ஒரு இடத்துல எக்ஸ்ரே எடுத்தாச்சு. மகன் பெரிய கவரோட வந்தார்.

3/ ரிப்போர்ட்ல இருந்தது இவ்வளவுதான்: "வலது கீழ்ப் பகுதியில் ஒபாசிட்டி. வலது காஸ்டோஃப்ரெனிக் ஆங்கிள் மழுங்கியுள்ளது. கன்சாலிடேஷன்? எஃபியூஷன்? கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்." இதை வச்சு அவருக்கு லீவோஃப்ளாக்சசின் பத்து நாள், கூடவே ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. சளிப் பரிசோதனை இல்ல. நெஞ்சைத் தட்டிக்கூடப் பாக்கல.

4/ வீட்ல இன்னொரு கூத்து. "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு"ன்னு யாரோ சொல்ல, அம்மா அவருக்குக் குடிக்கிற தண்ணியை நிறுத்திட்டாங்க. மே மாச நெய்வேலி வெயில், உடம்புல காய்ச்சல், ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணி. நாக்கு வறண்டு, மயங்குற நிலையில கொண்டு வந்தாங்க. அந்த அம்மாவை நான் எப்படிக் குறை சொல்றது? அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியது யாரு?

5/ சரி, முதல் வார்த்தை. எக்ஸ்ரேயில காத்து கறுப்பாத் தெரியும், எலும்பு வெள்ளையாத் தெரியும். நுரையீரல் காத்து நிறைஞ்சது, அதனால கறுப்பா இருக்கணும். கறுப்பா இருக்க வேண்டிய இடம் வெளுத்துத் தெரிஞ்சா அதுக்குப் பேர் ஒபாசிட்டி. அது ஒரு நிழல், அவ்வளவுதான். நிமோனியா, காசநோய், நீர், கட்டி, இருபது வருஷத்துக்கு முன்னாடி ஆறின தழும்பு, எல்லாமே ஒபாசிட்டியாத் தெரியும். ஒபாசிட்டிங்கிறது நோயோட பேர் இல்ல.

6/ அடுத்த ரெண்டு வார்த்தைக்கு ஒரு ஸ்பாஞ்சை நினைச்சுக்கோங்க. ஸ்பாஞ்சோட ஓட்டைகளுக்குள்ள காத்துக்குப் பதிலா சீழோ, ரத்தமோ, வேற திரவமோ நிறைஞ்சா அது கன்சாலிடேஷன். பெரும்பாலும் நிமோனியா. ஆனா காசநோயும் இப்படி வரும், அபூர்வமா புற்றுநோயும் வரும்.

7/ ஸ்பாஞ்சுக்குள்ள ஒன்னும் நிறையல, ஆனா ஸ்பாஞ்சுக்கும் அது இருக்குற பாத்திரத்துக்கும் நடுவுல நீர் சேர்ந்து, ஸ்பாஞ்சை வெளியிலிருந்து அமுக்குது. அது எஃபியூஷன். நீர் நுரையீரலுக்கு வெளியில, அதைச் சுத்தியிருக்குற ரெண்டு உறைகளுக்கு நடுவுல இருக்கு. நாம குடிக்கிற தண்ணி அங்க போறதே இல்ல.

8/ அப்போ "தண்ணியைக் குறைங்க"ன்னு சில பேருக்குச் சொல்றோமே? இதயம் பலவீனமாகி, பெரும்பாலும் ரெண்டு பக்கமும் நீர் சேர்ந்து, காலும் வீங்கினவங்களுக்கு அப்படிச் சொல்றோம். கிட்னி நோயாளிகள் சிலருக்கும் சொல்றோம். அந்த அளவை டாக்டர்தான் சொல்லணும். காய்ச்சலோட ஒரு பக்கம் மட்டும் நீர் சேர்ந்தவருக்குத் தண்ணியை நிறுத்துறது கொடுமை.

9/ "ஆங்கிள் மழுங்கியுள்ளது"ன்னா என்ன? நெஞ்சுக்கூட்டோட அடியில, விலாவும் உதரவிதானமும் சேர்ற இடம் கூர்மையான ஒரு மூலை. நின்னு எடுத்த எக்ஸ்ரேயில நீர் முதல்ல அந்த மூலையிலதான் தேங்கும். ஏறக்குறைய 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் நீர் சேர்ந்தாத்தான் நேரா எடுத்த படத்துல மூலை மழுங்கித் தெரியும். அதுக்குக் குறைவா இருந்தா எக்ஸ்ரே கோட்டை விட்டுடும், ஸ்கேன்ல தெரியும். பழைய தழும்பாலயும் அந்த மூலை மழுங்கும். அதனாலதான் பழைய படம் இருந்தா எடுத்துட்டு வாங்கன்னு கெஞ்சுறேன்.

10/ இப்போ அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தரம் படிங்க. ரெண்டு கேள்விக்குறி இருக்கா? எழுதின டாக்டர் "எனக்குச் சந்தேகமா இருக்கு, நோயாளியைப் பாத்து முடிவு பண்ணுங்க"ன்னு நேர்மையாச் சொல்லியிருக்கார். கடைசி வரி அதைத்தான் சொல்லுது. அவர் படத்தைத்தான் பாத்தார், ஆளைப் பாக்கல. ஆளைப் பாக்க வேண்டிய நாங்க அந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போயிட்டு மாத்திரை எழுதுறோம்.

11/ பொருத்திப் பாக்குறதுன்னா பெரிய மெஷின் வேணும்னு நினைக்காதீங்க. முதுகுல விரலை வச்சுத் தட்டினேன். இடது பக்கம் காலி டப்பா மாதிரி சத்தம், வலது அடியில சுவரைத் தட்டின மாதிரி. "ஒன்னு ரெண்டு மூணு சொல்லுங்க"ன்னு சொல்லி ஸ்டெத் வச்சேன். கன்சாலிடேஷனா இருந்தா பொதுவா அந்தக் குரல் வழக்கத்தை விட உரக்கக் கேக்கும். நீர் நடுவுல இருந்தா குரல் அமுங்கிடும். இவருக்கு அமுங்கிப் போச்சு. ரெண்டு நிமிஷ வேலை, செலவு சுழியம். அப்புறம் ஸ்கேன் பாத்தோம். நீர்தான்.

12/ நீர்னு தெரிஞ்சா அடுத்த கேள்வி, என்ன நீர்? அதுக்கு ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும். "ஊசி போட்டா உயிர் போயிடும்னாங்களே சார்"னு மகன் கேட்டார். ஸ்கேன்ல இடத்தைக் குறிச்சு, மரத்துப்போற ஊசி போட்டு, விலா எலும்போட மேல் விளிம்பை ஒட்டி உள்ள போறோம். கீழ் விளிம்புல ரத்தக்குழாய் ஓடுது, அதைத் தவிர்க்கத்தான் இந்த வழி. எந்தச் சிகிச்சையிலயும் போல இதுலயும் சின்ன அபாயம் உண்டு, நுரையீரல்ல ஊசி பட்டு காத்து கசியலாம். அதனால முடிஞ்ச பிறகும் கவனிக்கிறோம். ஒரே தடவையில ஒன்னு, ஒன்றரை லிட்டருக்கு மேல பொதுவா எடுக்க மாட்டோம்.

13/ வந்த நீர் வைக்கோல் நிறம். சீழா வந்திருந்தா அன்னிக்கே குழாய் போட்டு வடிக்கணும், மாத்திரையால தீராது. இவரோட நீர்ல புரதம் 5.2 கிராம், ரத்தத்துல 7. பாதிக்கு மேல இருந்தா, இது பெரும்பாலும் இதய நீர் இல்ல, தொற்றோ வேற நோயோ உறையைப் பாதிச்சிருக்குன்னு அர்த்தம். செல்கள்ல பெரும்பாலும் லிம்ஃபோசைட். ஏடிஏங்கிற அளவு 68. 40-ஐத் தாண்டினா நம்ம ஊர்ல முதல் சந்தேகம் காசநோய்தான்.

14/ சளியில சிபிநாட் பரிசோதனை நெகட்டிவ். இங்கயும் பலர் ஏமாறுவாங்க. உறையில வர்ற காசநோய்ல கிருமி ரொம்பக் குறைவு, சளியில சிக்காமப் போறது சகஜம். மூணு வாரக் காய்ச்சல், எடை குறைவு, அந்த நீர், எல்லாத்தையும் சேர்த்து வச்சு காசநோய்னு முடிவு பண்ணினோம். ஆறு மாசச் சிகிச்சை, அரசுல இலவசம். சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். ரெண்டாவது மாசம் அவர் மூணு கிலோ ஏறியிருந்தார்.

15/ முதல்ல கொடுத்த லீவோஃப்ளாக்சசின் என்ன பண்ணுச்சு? அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் ரெண்டு நாள் குறையும், எல்லாரும் "மருந்து வேலை செய்யுது"ன்னு நினைப்பாங்க, நோய் உள்ள நடந்துட்டே இருக்கும். ஸ்டீராய்டும் அப்படித்தான் ஏமாத்தும். காசநோய் சந்தேகம் இருக்குறப்போ பரிசோதனைக்கு முன்னாடியே இந்த ரெண்டையும் கொடுக்குறது, திருடன் உள்ள இருக்கும்போதே கதவைச் சாத்திட்டு வர்ற மாதிரி. நிழலுக்கு மாத்திரை கொடுத்தா இதுதான் நடக்கும்.

16/ எங்க ஊருக்குன்னே ஒரு சாக்கு உண்டு. "சுரங்கத்துல இருந்தவரு, தூசி படிஞ்சிருக்கும்." இதை டாக்டர்களே சொல்லிக் கேட்டிருக்கேன். பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்குற மணற்பாறை அடுக்கை வெட்டித்தான் நிலக்கரியை எடுக்குறாங்க. அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, அபாயம் உண்மைதான். ஆனா தூசி நோய் பல வருஷத்துல, பெரும்பாலும் ரெண்டு நுரையீரல்லயும் மேல் பகுதியில சின்னச் சின்னப் புள்ளிகளா வரும். மூணு வாரத்துல ஒரு பக்கம் நீர் சேர்க்காது. அதோட, சிலிக்கா படிஞ்ச நுரையீரலுக்குக் காசநோய் வர்ற வாய்ப்பு அதிகம். அதனால தூசியைக் காரணம் காட்டி சளிப் பரிசோதனையைத் தள்ளிப் போடுறது தலைகீழ் நியாயம்.

17/ "ஓபியில நூறு பேர் நிக்கிறாங்க, எங்க நேரம்?"னு சக டாக்டர்கள் கேப்பீங்க. தெரியும், நானும் அதே நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். நானும் விளக்காம ரிப்போர்ட்டை நீட்டியிருக்கேன். "நீ வெறும் எம்பிபிஎஸ்"னு சொல்றவங்களுக்கும் பதில் இதுதான்: கிராமத்து நோயாளியோட ரிப்போர்ட்டை முதல்ல பாக்குறது பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்தான். "இது நிழல், காரணம் இன்னும் தெரியல, சளி கொடுத்துட்டுப் போங்க." பத்து விநாடி ஆகும். அதைச் சொல்லாததால போன மூணு வாரத்தை யார் திருப்பிக் கொடுப்பா?

18/ சொந்தக்காரங்க நீங்க, ரிப்போர்ட் வாங்கினதும் நாலு கேள்வி கேளுங்க. நிழல் நுரையீரலுக்கு உள்ளயா, வெளியில நீரா? காசநோய்க்குச் சளி பாத்தாச்சா? இந்த மருந்து வேலை செய்யுதான்னு எத்தனை நாள்ல தெரியும்? அடுத்த எக்ஸ்ரே எப்போ? சாதாரண நிமோனியான்னா ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் இறங்கணும். ஆனா படத்துல நிழல் மறைய ஆறு வாரம்கூட ஆகலாம், அதுக்காகத் தினம் எக்ஸ்ரே எடுக்க ஓடாதீங்க. ஐம்பது வயசுக்கு மேல உள்ளவங்க, பீடி சிகரெட் பிடிக்கிறவங்க, ஆறு வாரம் கழிச்சு மறக்காம ஒரு படம் எடுங்க. அப்பவும் நிழல் இருந்தா பின்னாடி கட்டி ஒளிஞ்சிருக்கலாம்.

19/ உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, சளியில ரத்தம், விரல் மெஷின்ல 94-க்குக் கீழ, பேச்சு குழறுதுன்னா இந்த இழையையெல்லாம் படிச்சுட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க. வரும்போது பழைய எக்ஸ்ரே கவரையும் எடுத்துட்டு வாங்க. அந்த அம்மாகிட்ட நான் முதல்ல சொன்னது மருந்து இல்ல: "அவருக்கு ஒரு சொம்பு தண்ணி கொடுங்கம்மா."