கறுப்புப் பையில் கிளம்பும் கீமோ குழாய்

2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் சுற்றுவட்டாரத்தில் கேரளத்து மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கொட்டியதைக் கேரள அரசே அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று சொன்னது. அதிகாரிகள் லாரிகளோடு வந்து ஏற்றிக்கொண்டும் போனார்கள். நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் அது நாலு நாள் கேரளம், தமிழ்நாடு சண்டையாக ஓடி அடங்கிவிட்டது.

எனக்கு அந்தச் செய்தியில் உறுத்தியது வேறு ஒன்று. கழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தவை மூட்டைக்குள் கிடந்த நோயாளிகளின் சீட்டுகள். திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனையின் காகிதங்களும் அவற்றில் இருந்தன. இந்தியாவில் 2016-இல் வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி ஒவ்வொரு பையிலும் பார்கோடு இருக்க வேண்டும். அப்படியிருக்க, ஊர்க்காரர்கள் குப்பையைக் கிளறிச் சீட்டைப் படித்து ஏன் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது? சரக்கு எங்கே போகிறது என்று பின்தொடரும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்தக் கேள்வியைச் சும்மா விட முடியவில்லை.

முதலில் அந்த நிறங்கள். ஆஸ்பத்திரி வார்டில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வாளிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நிறமும் ஒரு விலாசம் மாதிரி. அந்தப் பை எந்த இயந்திரத்துக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது. மஞ்சள் நெருப்புக்குப் போகும். ரத்தம் தோய்ந்த பஞ்சு, அறுவைச் சிகிச்சையில் அகற்றிய உறுப்புகள், காலாவதியான மருந்து எல்லாம் இதில் சேரும். சிவப்பு, ஊசி நீக்கிய சிரிஞ்ச், ட்ரிப் குழாய், கையுறை போன்ற பிளாஸ்டிக்குக்கு. இதை எரிக்கக் கூடாது. ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்து, துண்டு துண்டாக அரைத்து, மறுசுழற்சிக்குக் கொடுப்பார்கள். குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பா ஊசிக்கும் பிளேடுக்கும். நீலம் கண்ணாடிக்கு.

பையை ஒருமுறை கட்டிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பார்க்கவும் கூடாது, கையில் ஊசி ஏறிவிடும். அதனால் வாளியருகே நிற்கும் நர்ஸோ வார்டு உதவியாளரோ அந்த ரெண்டு விநாடியில் எடுக்கும் முடிவுதான் கடைசி முடிவு.

அது எவ்வளவு சிக்கலான முடிவு என்பதற்கு ஒரு ட்ரிப் குழாயையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சல்காரருக்கு சலைன் ஏற்றிய குழாய் சிவப்புப் பைக்குப் போகும். பக்கத்து வார்டில் கீமோ ஏற்றிய குழாய், அதே கம்பெனி, அதே பிளாஸ்டிக், ஆனால் மஞ்சளுக்குப் போக வேண்டும். அதுவும் சைட்டோடாக்சிக் என்று எழுதிய தனிப் பையில். கீமோ மருந்து பட்ட எதுவாக இருந்தாலும், மருந்துக் குப்பி உட்பட, இதே வழிதான். காரணம் எளிது. ஆட்டோகிளேவ் 121 டிகிரி நீராவியில் கிருமியைக் கொல்லும். ஆனால் கீமோ மருந்து கிருமி அல்ல, ரசாயனம். அந்தச் சூட்டை நம்பி அதை விட முடியாது. 1200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும் என்கிறது விதி. தவறிச் சிவப்புப் பைக்குள் போனால், ஒட்டியிருக்கும் மருந்து அரைத்த பிளாஸ்டிக்கோடு மறுசுழற்சிக் கடை வரை போய்விடலாம்.

‘அப்படியென்றால் எல்லாவற்றையும் மஞ்சளில் போட்டு எரித்துவிடலாமே’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. பி.வி.சி. மாதிரி குளோரின் உள்ள பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அதைக் கட்டுப்படுத்தத்தான் புகையை இரண்டாவது அறையில் 1050 டிகிரிச் சூட்டில் குறைந்தது 2 விநாடி நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். சிவப்புக்கு உரியதை மஞ்சளில் திணித்தால் அந்த உலைக்குத் தாங்காத சுமை.

சரி, பார்கோடுக்கு வருவோம். வார்டில் கட்டிய பையை எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் செய்ய வேண்டும். ஏற்றும் வண்டியிலும் ஸ்கேன், சுத்திகரிப்பு நிலையத்தில் இறங்கும்போதும் ஸ்கேன். கிளம்பிய எடையும் சேர்ந்த எடையும் ஒத்துப்போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் எங்கேயும் கிடக்கக் கூடாது. கூரியர் பார்சலைப் பின்தொடர்கிற அதே வேலைதான். நல்ல அமைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது ஸ்கேன் ஆன பையை மட்டும்தான் அறியும். ஸ்டிக்கரே ஒட்டாத பை கணினியைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

அந்தப் பை எது? கறுப்புப் பை. உணவு மிச்சம், காகிதம், அட்டைப்பெட்டி போகிற பொதுக் குப்பை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆஸ்பத்திரிக் கழிவில் சுமார் 85 சதவீதம் இப்படிச் சாதாரணக் குப்பைதான். அது மருத்துவக் கழிவு விதிக்குள் வராது. சாதாரண ஒப்பந்தக்காரர் சாதாரண லாரியில் வேறு வாசல் வழியாக ஏற்றிப் போவார். நூறு கிலோவில் பதினைந்துக்கு மட்டும் கடுமையான காவல், எண்பத்தைந்துக்குத் திறந்த கதவு. மஞ்சள் பைக்குக் கிலோ கணக்கில் கட்டணம் கேட்கும் இடத்தில், கொஞ்சத்தைக் கறுப்புக்குத் தள்ளினால் செலவு மிச்சம். கலந்தது தெரிந்தால் மொத்தத்தையும் தொற்றுக்கழிவாக நடத்த வேண்டும், அது இன்னும் பெரிய செலவு. அதனால் பார்த்தவரும் வாயைத் திறப்பதில்லை.

தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில், மருத்துவக் கழிவைக் கொட்டுபவர்களைக் குண்டர் சட்டத்தில் அடைக்க வழிசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. கைதட்டல் விழுந்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. சட்டத்தில் மாட்டப்போவது பெரும்பாலும் லாரி ஓட்டுநரும் இடைத்தரகரும்தான். பை நிறம் மாறிய அந்த வாளி லாரியில் இல்லை.

செய்ய வேண்டியது இரண்டு. கறுப்புப் பைக்கும் அதே ஸ்டிக்கர், அதே எடை, அதே ஸ்கேன். எண்பத்தைந்து கிலோவும் எந்தக் கிடங்கில் இறங்கியது என்று பதிவாக வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே கையில் இருக்கும் தரவைக் கேள்வி கேட்பது. ஒரு ஆஸ்பத்திரியின் மருந்தகம் இந்த மாதம் இத்தனை பேருக்குக் கீமோ கொடுத்ததாக பில் போட்டிருக்கிறது. அதே மாதம் அங்கிருந்து சைட்டோடாக்சிக் மஞ்சள் பை ஒன்றுகூடக் கிளம்பவில்லை. அப்படியென்றால் குப்பிகளும் குழாய்களும் வேறு வாசல் வழியாகப் போயிருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இதைக் கண்டுபிடிக்க டிரோன் வேண்டாம், சோதனைச் சாவடி வேண்டாம். இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அம்மா அப்பாவின் சிகிச்சைக்கு இங்கிருந்து பணம் அனுப்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பில்லைப் பார்த்து ஏன் இவ்வளவு என்று கேட்கிறோம். அடுத்த முறை கீமோ வார்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தம்பியையோ அக்காவையோ, ட்ரிப் கழற்றியதும் அந்தக் குழாய் எந்த நிற வாளியில் விழுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பில் விழுந்தாலோ கறுப்பில் விழுந்தாலோ, வார்டு சிஸ்டரிடம் மரியாதையாகக் கேட்கலாம்: ‘சிஸ்டர், இது மஞ்சளுக்குப் போக வேண்டியது இல்லையா?’