பாட்டிலை மட்டும் நம்பி மண் பிளாக் அழுத்தாதீர்கள்

நீளமான பதிவுதான். ஊரில் வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் முழுசாகப் படித்துவிடுங்கள். மற்றவர்கள் பாதியில் போனாலும் டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் தம்பி மகன் ஊரில் மண் பிளாக் வைத்து வீடு கட்டப் போகிறான். சுடாத கல். மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, லேசாக ஈரமாக்கி, இரும்பு அச்சில் கைநெம்புகோலால் அழுத்தி எடுப்பார்கள். ஆரோவில் பக்கம் போனவர்கள் அந்தக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். போன மாதம் அவன் போன் செய்து, "அத்தை, நீங்க ஆறாம் வகுப்புல சொல்லித் தந்த பாட்டில் சோதனையைச் செஞ்சு பார்த்துட்டேன். கண்மாய் மண்ணுல களி நிறைய இருக்கு, நம்ம தோட்டத்துச் செம்மண்ணை விட அதுதான் நல்லது" என்றான். போட்டோவும் அனுப்பியிருந்தான். எனக்குப் பகீர் என்றது.

ஏன் என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் இவனுடைய அப்பா, அதாவது என் தம்பி, இதே தோட்டத்தில் மோட்டார் ரூமை மண் பிளாக்கில் கட்டினான். "அக்கா, இந்த மண்ணு ஆகுமா?" என்று என்னிடம்தான் கேட்டான். நானும் ஒரு பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, அடுக்கடுக்காகப் படிந்ததைக் காட்டி, "மணலும் இருக்கு, களியும் இருக்கு, நல்ல மண்ணு" என்று சொல்லிவிட்டேன். நிழலில் காயும்போதே கற்களில் வலை மாதிரி வெடிப்பு விட்டது. பிளாக் போட வந்தவர், "சிமெண்ட் போதலை, இன்னும் போடுவோம்" என்றார். போட்டார்கள். வெடிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. இரண்டு மழைக்காலத்தில் மூலைகள் உதிர்ந்து, கடைசியில் செங்கல் வைத்துத் திரும்பக் கட்டினான். என் மேல் அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதனால் என் கருத்தை நேராகவே சொல்கிறேன். பாட்டில் சோதனை பாதிச் சோதனைதான். அதோடு உருட்டிப் பார்க்கும் சோதனையையும் செய்யாமல் ஒரு கல்கூட அழுத்தக் கூடாது. மண் சரியில்லாதபோது சிமெண்டைக் கூட்டுவது காசைக் கரைக்கும் வேலை.

முதலில் பாட்டில். முப்பது வருடம் இதை நான் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன், அதிலும் அரைகுறையாகத்தான். பாட்டில் அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் இருக்க வேண்டும். கழுத்து குறுகினதாக இருந்தால் பரவாயில்லை, வயிறு பருத்ததாக இருந்தால் அளவு தப்பும். மேல்மண் வேண்டாம். வேரும் மக்கிய இலையும் இல்லாத ஆழத்தில் இருந்து எடுங்கள். 5 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலித்து, பாட்டிலில் கால் பாகம் போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கட்டிகள் கரைய ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரம் விட்டு இன்னொரு முறை குலுக்கி, சமதளத்தில் வையுங்கள். அதற்கப்புறம் தொடக் கூடாது.

சிலர் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்வார்கள். உப்புப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் தெளியும், உண்மைதான். ஆனால் களித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வண்டலோடு சேர்ந்தே இறங்கிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்புத் தண்ணீர். அதனால் நான் நல்ல தண்ணீர் எடுத்து, அரை ஸ்பூன் சலவை சோடா போடுவேன். துகள்கள் தனித்தனியாகப் பிரியும். தெளிய நேரம் ஆகும், காத்திருக்கத்தான் வேண்டும்.

இப்போதுதான் முக்கியமான இடம். கடிகாரம் பார்த்துக் கோடு போட வேண்டும். பாட்டிலைக் கீழே வைத்து ஒரு நிமிடத்துக்குள் மணல் இறங்கிவிடும். அந்த மட்டத்தில் முதல் கோடு. இரண்டு மணி நேரத்தில் வண்டல் படிந்துவிடும். அங்கே இரண்டாவது கோடு. களி ஒரு நாளாவது எடுக்கும். தண்ணீர் தெளிந்த பிறகு மூன்றாவது கோடு. என் மருமகன் என்ன செய்தான் தெரியுமா? குலுக்கி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பார்த்திருக்கிறான். மணலுக்கு மேலே இருந்த வழவழப்பான பகுதி முழுவதையும் களி என்று எடுத்துக்கொண்டான். வண்டலுக்கும் களிக்கும் நடுவில் உள்ள எல்லை மறுநாள் கண்ணுக்குத் தெரியாது பிள்ளைகளா. நேரம்தான் அதைப் பிரித்துக் காட்டும். இதை நானும் வகுப்பில் அழுத்திச் சொன்னதில்லை. கரும்பலகையில் மூன்று அடுக்கையும் மூன்று கலர் சாக்பீஸில் வரைந்துவிட்டு மணி அடித்ததும் போய்விடுவேன்.

சரி, நேரம் பார்த்துக் கோடு போட்டாலும் பாட்டிலில் ஒரு குறை உண்டு. களி தண்ணீரில் ஊறி உப்பிக்கொண்டு உட்காரும். அதனால் உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும். அது எப்படிப்பட்ட களி என்பதையும் பாட்டில் சொல்லாது. கரிசல் மண்ணின் களி, ஈரம் பட்டால் வீங்கி, காய்ந்தால் சுருங்கும். செம்மண்ணின் களி பெரும்பாலும் அந்த அளவுக்கு ஆடாது. பாட்டிலில் இரண்டுமே மேலடுக்காகத்தான் தெரியும். பாட்டில் துகளின் அளவைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது மண்ணின் பிடிப்பு. அதைக் கைதான் சொல்லும்.

உருட்டும் சோதனைக்கு எந்தச் சாமானும் வேண்டாம். அதே சலித்த மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துச் சப்பாத்தி மாவு போலப் பிசையுங்கள். கையில் ஒட்டவும் கூடாது, பிசையும்போது உதிரவும் கூடாது. அரை மணி நேரம் மூடி வையுங்கள். களி தண்ணீரை உள்ளே இழுக்க அவகாசம் வேண்டும். அவசரப்பட்டு உடனே உருட்டினால் நல்ல மண்கூட உடையும். பிறகு பலகையில் வைத்து 3 சென்டிமீட்டர் தடிமனில், ஒரு சாணுக்குக் குறையாத நீளத்தில், சீராக உருட்டுங்கள். அதை மேசை விளிம்புக்குக் கொண்டுவந்து, மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். தொங்கும் பகுதி தன் எடை தாங்காமல் ஒடிந்து விழும். விழுந்த துண்டை அளந்து பாருங்கள். 5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் மணலோ வண்டலோ அதிகம், பிடிப்பு இல்லை. 15-க்கு மேல் நீண்டால் களி அதிகம், காயும்போது வெடிக்கும். நடுவில் இருந்தால் வேலைக்கு ஆகும். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஐந்தாறு துண்டாவது ஒடித்துப் பாருங்கள்.

இரண்டு நாள் ஊரில் போய் இருந்து அவனோடு சேர்ந்து செய்தேன். கண்மாய் மண் மூன்று, நான்கு சென்டிமீட்டரிலேயே பொத்துப் பொத்தென்று விழுந்தது. திரும்ப நேரம் பார்த்துக் கோடு போட்டதில், அவன் களி என்று நினைத்ததில் பெரும்பகுதி வண்டல். தொட்டால் வழவழவென்று இருந்ததால் ஏமாந்துவிட்டான். காய்ந்ததும் விரலில் மாவு போல உதிர்ந்தது. அது பயிருக்கு நல்லது, சுவருக்கு ஆகாது.

தோட்டத்துச் செம்மண், அந்தப் பழைய மோட்டார் ரூம் மண், 18 சென்டிமீட்டர் வரை ஒடியாமல் தொங்கியது. அதைப் பார்த்தபோது எனக்குத் தம்பி முகம்தான் ஞாபகம் வந்தது. ஐந்து நிமிட வேலை. அன்றைக்குச் செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

பாட்டிலில் அந்தச் செம்மண் மொத்தம் 10 சென்டிமீட்டர் படிந்தது. அதில் மணல் நாலரை, வண்டல் ஒன்றரை, களி நாலு. அதாவது நூற்றுக்கு 40 பங்கு களி. மண் பிளாக்குக்கு ஆரோவில்காரர்கள் சொல்லும் பொதுக்கணக்கு, சரளையும் மணலும் சேர்ந்து 65, வண்டல் 15, களி 20. நம் மண்ணில் களி இரு மடங்கு. இதற்குச் சிமெண்டைக் கூட்டினால் பயன் இல்லை. சிமெண்டு மணலைத்தான் நன்றாகப் பிடிக்கும். களி கட்டியாக உருண்டு நின்றால் சிமெண்டு அதன் வெளிப்பக்கம் ஒட்டுமே தவிர உள்ளே போகாது. களி அதிகமுள்ள மண்ணுக்கு ஒன்று சுண்ணாம்பு, இல்லையென்றால் மணல்.

நாங்கள் மணலைக் கலந்து பார்த்தோம். மூன்று சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி மணல் போட்டதில் 16-ல் ஒடிந்தது, இன்னும் கொஞ்சம் வேண்டும். இரண்டு சட்டிக்கு ஒரு சட்டி போட்டதில் சராசரியாக 11 வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 பங்கில் களி 80, கிட்டத்தட்ட நூற்றுக்கு 27. வண்டல் 10, மணல் 63. களி இன்னும் கூடுதல் போலத் தெரியும். ஆனால் பாட்டில் களியைக் கூட்டித்தான் காட்டும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் நான் கையின் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டும் ஒத்துப்போகாதபோது உருட்டிப் பார்த்ததையே நம்புங்கள் என்பது என் அபிப்பிராயம். உங்களில் சிவில் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்கள், வேறு மாதிரி நினைத்தால் கமெண்டில் எழுதுங்கள், வாதாடுவோம்.

இந்தச் சோதனையால் கல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியாது. அதற்கு லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். தோட்டத்தின் ஒரு மூலையில் எடுத்த மண் மறுமூலைக்குப் பேசாது, குழி மாறினால் திரும்ப உருட்டித்தான் ஆக வேண்டும். மணல் விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு வெளி மணல் என்பது சின்னச் செலவும் இல்லை. அவனுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். "அத்தை, கண்மாய் மண்ணு சும்மா கிடைக்குமே" என்று கிளம்பும்வரை புலம்பிக்கொண்டிருந்தான்.

போன வாரம் இரண்டுக்கு ஒன்று கலவையில் நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டு சேர்த்து இருபது கல் மட்டும் அழுத்தியிருக்கிறான். ஈரச் சாக்குப் போட்டு மூடி, தினமும் தண்ணீர் தெளிக்கிறான். நாலு வாரம் முடிந்ததும் ஐந்து கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, மூலை உதிர்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மெஷின் வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன் என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். என்ன ஆயிற்று என்று வந்து எழுதுகிறேன்.