எடை நார்மல்தான்... தசை எங்கே போச்சு?

70 வயதுப் பெண் ஒருவர். உயரம் 150 செ.மீ., எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பி.எம்.ஐ. 22.2. இந்தியர்களுக்கான நார்மல் வரம்பு 18.5 முதல் 22.9 வரை என்பதால், ‘எல்லாம் சரியா இருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள்.

பத்து வருஷத்துக்கு முன்பும் அவர் 50 கிலோதான். ஆனால், இடையில் நாலு கிலோ தசை கரைந்து, நாலு கிலோ கொழுப்பு சேர்ந்திருந்தால்? எடை மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சந்தேகத்தைக் கிளப்ப ஒரு டேப்பும் நாற்காலியும் போதும். ஆசிய நிபுணர் குழுவின் 2019 வழிகாட்டுதல்படி, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அப்படியே. இவருக்கு 31 செ.மீ., 16 விநாடி என்று வந்தால், அந்த 22.2-ஐ நம்பி உட்கார முடியாது.

கால் வீக்கம் இருந்தால் டேப் ஏமாற்றும். மூட்டுவலி இருந்தால் விநாடி கூடும். அதனால், உறுதிசெய்ய டெக்ஸா ஸ்கேன் போன்ற பரிசோதனை தேவை. ஆனால், முதல் சந்தேகமே வராமல் போவதுதான் இப்போதைய சிக்கல். முதியோர் பரிசோதனை எடை மெஷினோடு முடியக் கூடாது.