ஊழியர் பணம் முதலாளியின் வரவாகுமா? ஓட்டல் கணக்குகளின் யோக்கியதை

ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போகின்றவர்கள் பரிமாறியவருக்கென்று கொடுக்கும் டிப்ஸ் பணமும், பில்லிலேயே சேர்த்து வாங்கப்படும் சர்வீஸ் சார்ஜும் கல்லாவில் விழுந்தவுடன் அது ஓட்டல்காரருடைய வரவுதான் என்றும், பிறகு அதில் அவர் பார்த்து ஊழியர்களுக்குக் கொடுப்பது அவருடைய செலவுதான் என்றும், ஆகவே வரவில் ஒரு வரி, செலவில் ஒரு வரி எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்றும் ஓட்டல் முதலாளிகளில் ஒரு சாரார் சொல்லி வருகின்றார்கள். அவர்களுடைய கணக்குப்பிள்ளைகளும் அதற்கு ஆமாம் போடுகின்றார்கள். இது கணக்கும் அல்ல, நியாயமும் அல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் வரவு என்பது என்ன என்று பார்ப்போம். நம் கைக்கு வந்த பணமெல்லாம் நம் வரவாகிவிடுமா? சந்தைக்குப் போகும் அண்டை வீட்டுக்காரரிடம், "உரக்கடை பாக்கி 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று ஒருவர் பணம் கொடுத்து அனுப்புகின்றார். அந்த 500 ரூபாய் சந்தைக்குப் போகின்றவரின் மடியில்தான் இருக்கின்றது. அதற்காக அதை அவருடைய சம்பாத்தியம் என்று யாராவது சொல்லுவார்களா? அது கடைக்காரரிடம் போய்ச் சேருகின்றவரையில் அவர் தலைமேல் இருக்கும் பொறுப்பு. கணக்குப் பாஷையில் சொன்னால், கொடுக்க வேண்டிய கடன். வாடிக்கைக்காரர் கார்டிலோ, ஓட்டலின் கியூஆர் அட்டையிலோ ஊழியருக்கென்று சேர்த்துக் கொடுக்கும் பணமும் இதேதான். அது முதலாளியின் பாங்குக் கணக்கு வழியாகப் போகின்றதே ஒழிய முதலாளிக்காக வரவில்லை.

"எந்தப் பக்கத்தில் எழுதினால் என்ன? கடைசியில் கொடுத்துவிடுகின்றேனே" என்று கேட்கின்றார்கள். எழுதும் பக்கத்தில்தான் எல்லாம் இருக்கின்றது. ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு நடுத்தர ஓட்டலில் ஒரு மாதத்தில் வரி நீங்கலாக 10,00,000 ரூபாய்க்கு உணவு விற்றது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 50,000 ரூபாய். வாடிக்கைக்காரர்கள் தங்கள் இஷ்டப்படி கார்டிலும் கியூஆரிலும் கொடுத்த டிப்ஸ் 60,000 ரூபாய். பாங்குக்கு மொத்தம் வந்தது 11,10,000 ரூபாய். ஊழியர்கள் 12 பேர், சமபங்கு, தலைக்கு 5,000. அடுத்த மாதம் 7-ந் தேதி பட்டுவாடா. இதற்குள் ஒருவர் மாதம் முழுவதும் வேலை செய்துவிட்டு 1-ந் தேதி ஊருக்குப் போய்விட்டார். ஆகவே 7-ந் தேதி 11 பேருக்கு 55,000 ரூபாய் கொடுக்கப்பட்டது.

யோக்கியமான கணக்கில் இது எப்படி ஏறும்? பாங்கில் பற்று 11,10,000. அதற்கு எதிரே விற்பனை வரவு 10,00,000. சர்க்காருக்குக் கொடுக்க வேண்டிய வரி 50,000. "ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய டிப்ஸ்" என்ற தனிப் பேரேட்டில் 60,000. 7-ந் தேதி 55,000 கொடுத்தவுடன் அந்தப் பேரேட்டில் பற்று எழுதப்படும். மீதி 5,000 அங்கேயே நிற்கும். மாதம் எத்தனை ஆனாலும், வருஷம் முடிந்தாலும், ஐந்தொகையில் கடன் பக்கத்தில், "இது ஊருக்குப் போனவருடையது" என்று அது நின்றுகொண்டே இருக்கும்.

இனி முதலாளி எழுதும் விதத்தைப் பாருங்கள். விற்பனை வரவு 10,60,000. செலவில் "ஊழியர் ஊக்கத்தொகை" 55,000. அவ்வளவுதான். ஊருக்குப் போனவருடைய 5,000 எங்கே? இலாபத்தில் இருக்கின்றது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, கணக்கே அதை விழுங்கிவிட்டது! நான்கு மாதம் கழித்து அந்த ஆள் திரும்பி வந்து கேட்டால், "உன் பேரில் பாக்கி ஒன்றும் காட்டவில்லையே" என்று கணக்குப்பிள்ளை புத்தகத்தை விரித்துக் காட்டுவார். புத்தகமும் அப்படித்தான் இருக்கும்.

அந்த "ஊக்கத்தொகை" என்ற பெயரையும் கவனியுங்கள். வாடிக்கைக்காரர் கொடுத்த பணம் முதலாளி மனமிரங்கிக் கொடுத்த பணமாக மாறிவிட்டது. மனமிரங்கிக் கொடுப்பவருக்கு நிறுத்தவும் அதிகாரம் உண்டல்லவா? உடைந்த கண்ணாடிக் குவளைக்கு 200, தாமதமாக வந்ததற்கு 300 என்று அதில் பிடித்தம் தொடங்குவது இந்தப் பெயர் மாற்றத்திலிருந்துதான். கடனைக் கொடுக்க வேண்டியவர் அதில் தண்டம் பிடிக்க முடியாது. தருமம் செய்பவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி எழுதும் முதலாளி தனக்கும் குழி தோண்டிக்கொள்கின்றார். வாடிக்கைக்காரர் இஷ்டப்பட்டுக் கொடுத்தது உணவின் விலையல்ல. அதை விற்பனையில் சேர்த்து எழுதிவிட்டால், அந்த 60,000-க்கும் 5 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் எங்கே என்று வரி அதிகாரி கேட்பதற்கு அவரே வழி திறந்துவிடுகின்றார். பெரிய பட்டணங்களில் மால்களில் கடை வைத்திருப்பவர்கள் பலர் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று வாடகை கொடுக்கின்றார்கள். 10 சதவீதமென்று ஒப்பந்தமிருந்தால், பரிமாறியவருக்கு வந்த டிப்ஸுக்காகக் கட்டிடக்காரருக்கு 6,000 ரூபாய் அழ வேண்டும். பிறகு அந்த நஷ்டத்தை எங்கே சரிக்கட்டுவார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. பாங்கில் விழுந்ததெல்லாம் வருமானமே என்று ஆடிட்டர் சொல்லுகின்றார் என்று சிலர் தப்பித்துக்கொள்ளப் பார்க்கின்றார்கள். இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய்வந்த சங்கதி. கார்டு மூலம் வந்த டிப்ஸை ஓட்டல் நிர்வாகம் வாங்கி ஊழியர்களுக்குப் பங்கிட்டது. வருமான வரி இலாகா, "இது நீங்கள் கொடுக்கும் சம்பளம், 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் 192-ஆவது பிரிவின்படி இதிலும் வரி பிடித்திருக்க வேண்டும்" என்றது. டில்லி ஐகோர்ட்டு 2011-ல் இலாகாவின் பக்கம் சொல்லிற்று. 2016 ஏப்ரலில் ஐ.டி.சி. வழக்கில் நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் எழுதிய சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு அதை மாற்றிவிட்டது. டிப்ஸ் வாடிக்கைக்காரரிடமிருந்து வருவது, முதலாளியிடமிருந்து வருவதல்ல. நிர்வாகம் அதை ஊழியருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்து கொடுக்கின்றது. ஆகவே அது சம்பளமல்ல என்பதே அதன் சாரம். ஊழியர் கையில் அது வருமானந்தான், வரி கட்டும் அளவு சம்பாதிப்பவர் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அது முதலாளியின் வழியாக வந்த கூலி அல்ல.

அந்த வழக்கில் "இது எங்கள் பணமல்ல, நாங்கள் வாங்கிக் கொடுக்கும் கைதான்" என்று வாதாடி ஜெயித்தது ஓட்டல் தரப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. வரி பிடிக்கச் சொல்லும்போது ஊழியர் பணம், இலாபம் பார்க்கும்போது நம் பணம் என்று ஒரே ரூபாய்க்கு இரண்டு சொந்தக்காரர்களைக் காட்டுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

சர்வீஸ் சார்ஜ் விஷயம் சற்று வேறு. டிப்ஸ் கொடுப்பவர் இஷ்டம். சர்வீஸ் சார்ஜோ ஓட்டல்காரரே பில்லில் போட்டு வாங்குவது. 1,000 ரூபாய் உணவுக்கு 100 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் போட்டால் வரி 1,100-க்கும் சேர்த்து 55 ரூபாய், பில் 1,155. இதில் 55 சர்க்காருடையது. அந்த 100 யாருடையது? அதை முழுவதும் ஊழியருக்கே கொடுப்பதென்று ஒப்பந்தமும் ஏற்பாடும் இருந்தால் அது கடன். கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளியின் சித்தம் என்றிருந்தால் அது அவருடைய வரவுதான், வரவென்றே எழுதட்டும். ஆனால் அப்படி எழுதுகின்றவர் வாடிக்கைக்காரரிடம், "இது எங்கள் பையன்களுக்காக" என்று சொல்லி வாங்கக் கூடாது. பில்லில் ஒன்று, பேரேட்டில் ஒன்று என்பதற்குப் பெயர் பித்தலாட்டம். கேட்காமலேயே இதைப் பில்லில் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் கட்டளையிட்டது. ஓட்டல்காரர் சங்கங்கள் வழக்காடின. 2025 மார்ச்சில் டில்லி ஐகோர்ட்டு அந்தக் கட்டளை செல்லுமென்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் ஊழியர் நலம் நலமென்று எடுத்துச் சொன்னவர்களின் ஓட்டல்களில் எத்தனை பேரேடுகளில் ஊழியர் பெயரில் கடன் கணக்கு இருந்ததோ, அவர்களுக்கே வெளிச்சம்!

(பரிமாறும் மனிதர் இனாமை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலைமையே மானக்கேடு, கூலியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் இந்தச் சில்லறையே வேண்டியதில்லை என்று சில தோழர்கள் சொல்லுவார்கள். நமக்கும் அது சம்மதமே. ஆனால் அதற்காக இன்று வந்த சில்லறையை முதலாளி பெட்டியில் விட்டுவிட முடியாது.)

தனிப் பேரேடு எழுதிவிட்டால் மட்டும் பணம் பத்திரமாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். புத்தகத்தில் 60,000 கடன் என்று எழுதிவிட்டு, பாங்கிலிருந்த பணத்தைக் காய்கறிக்காரருக்குக் கொடுத்துவிட்டால், பட்டுவாடா தேதியன்று காகிதந்தான் மிஞ்சும். ஓட்டல் நொடித்துவிட்டால் ஊழியர்களும் பால்காரர், மளிகைக்காரரோடு கடன்காரர் வரிசையில் நிற்க நேரிடும். ஆகையால் இந்தப் பணத்துக்குத் தனிப் பாங்குக் கணக்கு வைப்பதே சரி. கார்டுக் கம்பெனிக்குப் போகும் கட்டணத்தை இதில் கழிப்பதும் கூடாது. வியாபார வசதிக்காக இயந்திரம் வைத்தவர் அதன் செலவை ஏற்கட்டும். பிரிட்டனில் 2023-ல் இயற்றி 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த சட்டம், வரியைத் தவிர வேறெதையும் டிப்ஸில் பிடிக்கக் கூடாதென்றும், வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுத்துத் தீரவேண்டுமென்றும் சொல்லுகின்றது. அங்கே ஓட்டல்கள் மூடிப்போய்விடவில்லை.

ஓட்டல்களில் வேலை செய்யும் தோழர்கள் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. நான்கு எண்களைக் கேட்டால் போதும்: மாத ஆரம்பத்தில் டிப்ஸ் பேரேட்டில் இருந்த பாக்கி எவ்வளவு, மாதத்தில் வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் நான்காவது வரவேண்டும். வந்த தொகை சரியா என்பதற்கு ஒவ்வொரு நாள் இரவும் கார்டு இயந்திரம் அடித்துத் தரும் சீட்டில் டிப்ஸ் தனியாகக் காட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளலாம். பட்டுவாடாவுக்கு மறுநாள் பேரேட்டில் பாக்கி நின்றால், அது யார் பெயரில் நிற்கின்றது என்று கேட்க வேண்டும். "அப்படி ஒரு பேரேடே இல்லை" என்று பதில் வந்தால், அந்த ஓட்டலில் ஊழியர் பணம் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றது என்பதைத் தேட வேண்டியதில்லை.