சாப்பிடும்போது தண்ணி குடிச்சா செரிமானம் கெடுமா?

1/ போன மே மாசம் 68 வயசு ஐயா ஒருத்தரை அவர் மகள் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. எழுந்து நின்னா கண்ணு இருட்டுது, ரெண்டு தடவை விழப் பார்த்துட்டார். நாக்கு காய்ஞ்சு கிடந்தது. படுத்திருக்கும்போது 126 இருந்த பிரஷர், நிக்க வெச்சுப் பார்த்தா 98. ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் 1.8. மூணு மாசத்துக்கு முன்னாடி அது 1.0.

2/ வாந்தி இல்ல, பேதி இல்ல. "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க ஐயா?"ன்னு கேட்டேன். "சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் குடிக்கக் கூடாதாமே சார், அமிலம் நீர்த்துப் போயிடுமாம்"னார். வாட்ஸ்அப்ல வந்ததை ரெண்டு மாசமா ஒழுங்கா கடைப்பிடிச்சிருக்கார்.

3/ அவரோட நாளைக் கணக்கு போட்டுப் பார்த்தோம். காலை டிபன் 8 மணிக்கு, மதியச் சாப்பாடு 1 மணிக்கு, சாயங்காலம் ஏதாவது கொறிக்கிறது, ராத்திரி 8 மணிக்குச் சாப்பாடு. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு மணி, பின்னாடி ஒரு மணின்னு கழிச்சா, ஒன்பது மணி நேரத்துக்கு மேல தண்ணிக்குத் தடை. மிச்ச நேரத்துல ஒரு பகுதி வெளிவேலை, ஒரு பகுதி மதியத் தூக்கம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல, "அடிக்கடி எழுந்திரிக்கணுமே"ன்னு குடிக்கிறதில்ல. ஒரு நாளைக்கு மொத்தம் மூணு டம்ளர்!

4/ வயசாக ஆக தாக உணர்வு மங்கிடும். அதனால பெரியவங்க குடிக்கிறதுல பெரும்பகுதி சாப்பாட்டோட சேர்த்துதான். அதையும் நிறுத்திட்டா, வேற நேரத்துல தாகம் வந்து ஞாபகப்படுத்தாது. இவர் சாப்பிட்ட பிரஷர் மாத்திரையில சிறுநீரை அதிகம் போக வைக்கிற மருந்தும் சேர்ந்திருந்தது. கூடவே மே மாச வெயில். உடம்புல நீர் குறைஞ்சு, கிட்னிக்குப் போற ரத்தமும் குறைஞ்சிடுச்சு.

5/ சரி, அமிலம் நீர்த்துப் போறது உண்மையா? வயித்துக்குள்ள சாப்பாடு போனாலே அமிலத்தோட காரம் குறையத்தான் செய்யும். சோறு, பருப்பு, மோர் எல்லாம் அதைக் கொஞ்சம் உறிஞ்சிடும். உடனே இரைப்பை இன்னும் அமிலம் சுரந்து சரிக்கட்டிக்கும். இரைப்பை ஒரு தடவை ஊத்தி வெச்ச டம்ளர் அமிலம் இல்லீங்க, தேவையைப் பார்த்துச் சுரக்கிற உறுப்பு.

6/ இன்னொண்ணு, வெறும் தண்ணி வயித்துல ரொம்ப நேரம் தங்காது. காலி வயித்துல ஒரு டம்ளர் குடிச்சா கால் மணி நேரத்துலயே பாதிக்குப் பக்கம் குடலுக்கு இறங்கிடும். செரிமானத்தோட பெரும்பகுதி நடக்கிறதும் சிறுகுடல்லதான். அங்கே அமிலத்துக்கு வேலையே இல்ல. கணையநீர் வந்து அதை முறிச்சுட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும்.

7/ நம்ம உடம்பே எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணையநீர்னு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஏழு லிட்டர் குடல் பாதைக்குள்ள ஊத்துது. வெந்த சோத்துல மூணுல ரெண்டு பங்கு தண்ணி. மோர்ல பத்துல ஒன்பது பங்குக்கு மேல தண்ணி. ரசம் ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்டா செரிக்கும், பக்கத்துல இருக்கிற டம்ளர்ல குடிச்சா செரிக்காதா?

8/ ஆனா சிலர் கவனமா இருக்கணும். நெஞ்செரிச்சல் உள்ளவங்க சாப்பாட்டோட சேர்த்து நிறையக் குடிச்சா வயிறு உப்பி, அமிலம் மேலே ஏறும். பசி குறைஞ்ச பெரியவங்க முதல்லயே ரெண்டு டம்ளர் குடிச்சா அதுலயே வயிறு நிறைஞ்சிடும். இவங்க வாய் வாயா குடிங்க. எடைக் குறைப்பு ஆபரேஷனோ, இரைப்பையை எடுத்த ஆபரேஷனோ ஆனவங்களுக்குச் சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் இடையில வழக்கமா அரை மணி நேர இடைவெளி சொல்வோம். இதயம், கிட்னி நோய்க்காகத் தண்ணி அளவு குறிச்சுக் கொடுத்திருந்தா அந்த அளவுதான். தண்ணி குடிக்கும்போதே புரை ஏறுதுன்னா டாக்டரைப் பாருங்க.

9/ ஐயாவுக்கு அந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்தி (நீங்களா நிறுத்தாதீங்க, ப்ளீஸ்), நரம்பு வழியா நீர் ஏத்தினோம். பத்து நாள்ல கிரியாட்டினின் 1.1. இப்போ எழுந்ததும் ஒரு டம்ளர், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடயும் ஒரு டம்ளர், இடையில மூணு. சிறுநீர் வெளிர் மஞ்சளா இருக்கான்னு அவரே பார்த்துக்கிறார். தேன் நிறத்துக்குப் போனா இன்னொரு டம்ளர்.

10/ என் கருத்து இதுதான்: இந்த வெயில் ஊர்ல "சாப்பாட்டோட தண்ணி கூடாது"ங்கிறது கெடுதல் இல்லாத நம்பிக்கை இல்ல. உங்க வீட்டுப் பெரியவர் இதைக் கடைப்பிடிக்கிறாரான்னு இன்னைக்கு ஒரு வார்த்தை கேளுங்க. ஆமான்னா, அடுத்த வேளை தட்டுப் பக்கத்துல ஒரு டம்ளர் வெச்சிடுங்க.